கறுக்கும்வரை காத்திருக்கலாகாது

2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, மியூகார்மைகோசிஸ் நோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்நாள்களில் நாளிதழ்களும் தொலைக்காட்சியும் அதற்குக் ‘கருப்புப் பூஞ்சை’ என்று பெயரிட்டன. அப்பெயர் இன்றும் மக்கள் மனத்தில் நிலைத்திருக்கிறது. காது, மூக்கு, தொண்டை மருத்துவன் என்ற முறையில், அப்பெயர் நன்மையைவிடத் தீமையே மிகுதியாகச் செய்கிறது என்பது என் கருத்து. அதைக் கேட்டவர்கள் முகத்தில் கருமை தோன்றுகிறதா என்று பார்த்துக் காத்திருக்கிறார்கள். ஆனால் நாம் காணும் கருமை பூஞ்சையின் நிறமன்று. இறந்துபோன சதையின் நிறம். கருமை தோன்றும்போது நோய் பல நாள் பயணத்தை முடித்திருக்கும்.

கொரோனாவோடு இந்நோயும் போய்விட்டது என்று எண்ணுவதும் தவறு. கொரோனாவுக்கு முன்பே நம் நாட்டில் இதற்கு முதன்மைக் காரணமாக இருந்தது கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய். இப்பூஞ்சையின் நுண்வித்துகள் மண்ணிலும் அழுகிய காய்கறியிலும் காற்றிலும் எங்கும் உள்ளன. நாம் அனைவரும் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கிறோம். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை. நலமான உடலில் வெள்ளையணுக்கள் அவற்றை அழித்துவிடுகின்றன. சர்க்கரை நெடுநாள் ஏறிக்கிடக்கும் உடலில் அவ்வணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. அத்துடன் ரத்தத்தில் கீட்டோன் அமிலமும் சேர்ந்தால், புரதத்தோடு கட்டுண்டிருக்கும் இரும்புச்சத்து அவிழ்ந்து பூஞ்சைக்கு உணவாகிறது.

கீழ்க்கட்டளையில் மளிகைக்கடை நடத்தும் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரின் அனுபவத்தை, அவர் குடும்பத்தாரின் இசைவோடு, பெயர் குறிப்பிடாமல் கூறுகிறேன். அவர் சில மாதங்களாக மாத்திரைகளை நிறுத்தியிருந்தார். முதலில் வலது மேற்பற்களில் வலி வந்தது. இரண்டு நாளில் வலது கன்னம் மரத்தது. முகம் மழிக்கும்போது கத்தி படுவதே தெரியவில்லை என்றார். சைனஸ் என்று எண்ணி ஆவி பிடித்தார். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி ஐந்து நாள் விழுங்கினார். ஆறாம் நாள் வலது இமை வீங்கியபோதுதான் மாலை ஆறு மணியளவில் மருத்துவமனைக்கு வந்தார். அப்போது பார்வை நன்றாக இருந்தது. விழி எல்லாத் திசைகளிலும் அசைந்தது. முகத்திலோ அண்ணத்திலோ கருமை இல்லை. சர்க்கரை 438, சிறுநீரில் கீட்டோன் இருந்தது.

மூக்கினுள் எண்டோஸ்கோப் செலுத்திப் பார்த்தபோது, நடுச் சுருளெலும்பின் மேற்சதை வெளிறியிருந்தது. கருவியால் தொட்டால் வலியும் இல்லை, ரத்தக்கசிவும் இல்லை. உயிருள்ள சதை அப்படி இராது. அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். நாடாபோல் அகன்ற பூஞ்சை இழைகள் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டன. திசுப் பரிசோதனையின் முழு முடிவு வரச் சில நாள் ஆகும். சிகிச்சையைத் தொடங்க இந்த ஒரு மணி நேர முடிவே போதும்.

அன்றிரவே அறுவை சிகிச்சை வேண்டும் என்றேன். “சர்க்கரை இறங்கட்டும் டாக்டர், கோயம்புத்தூரிலிருந்து பையனும் நாளைக்கு வந்துடுவான்” என்றார் அவருடைய மைத்துனர். அக்குடும்பத்தின் அச்சம் இயல்பானதே. ஒன்பது மணிக்கு ஆம்போடெரிசின்-பி மருந்தும் இன்சுலினும் தொடங்கின. விடியற்காலையில் சர்க்கரை 200க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் விடியும்போது இமை முழுதும் தொங்கியிருந்தது, விழி அசையவில்லை. நண்பகலில் வெளிச்சமும் தெரியவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குக் கையெழுத்துக் கிடைத்தது. சைனஸ் அறைகளோடு மேல்தாடையின் ஒரு பகுதியையும் வலது கண்ணையும் நீக்க நேர்ந்தது. உயிர் தப்பியது.

மருந்து கொடுத்தும், சர்க்கரை இறங்கியும், நோய் ஏன் நிற்கவில்லை? இந்நோயில் வேகம் முக்கியமாவதற்கான காரணம் இதற்கான விடையில் உள்ளது. இப்பூஞ்சை ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே வளர்கிறது. குழாயில் ரத்தம் உறைந்து அடைபடுகிறது. அதற்கப்பால் உள்ள சதை ரத்தமின்றி இறக்கிறது. இறந்த சதையில் பூஞ்சை மேலும் தழைக்கிறது. நரம்பு வழியே நாம் செலுத்தும் மருந்தோ ரத்தத்தில்தான் பயணம் செய்ய வேண்டும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? அவ்விறந்த சதையை, ரத்தம் கசியும் நல்ல சதை தென்படும்வரை, வெட்டி நீக்குவதே வழி. சைனஸ் அறைக்கும் கண்குழிக்கும் இடையே இருப்பது காகிதம்போல் மெல்லிய எலும்பு. கண்குழியின் பின்னே மூளை. எனவே ஓர் இரவும் இங்கே பெரிது.

சர்க்கரையும் அமிலத்தன்மையும் சீர்ப்பட வேண்டும் என்பது உண்மையே. அதற்கான உப்புநீரும் இன்சுலினும் சில மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, அறுவை அரங்கிலும் தொடரலாம். சர்க்கரை முற்றிலும் சீராகும்வரை அறுவையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. மருந்தின் தாமதமும் அவ்வாறே தீங்கானது. அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோயாளிகள் 70 பேரைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வில், நோய் தொடங்கி ஆறு நாளுக்குள் ஆம்போடெரிசின் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பன்னிரண்டு வாரத்துக்குள் இறந்தனர். அதற்குப் பின் பெற்றவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் நம் நோயாளிகளினும் நலிந்தவர்கள். எனினும் நாள்களின் விலையை அந்த ஆய்வு காட்டுகிறது.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குச் சளியோ முகவலியோ வந்தால், வீட்டில் நாள்தோறும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். இரு கன்னங்களையும் விரலால் தொட்டு உணர்ச்சி ஒன்றுபோல் உள்ளதா என்று கேளுங்கள். கன்னத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு கண்குழியின் அடித்தளத்தில் ஓடுவதால், மரத்துப்போதல் முன்கூட்டியே வரும் எச்சரிக்கை. ஒவ்வொரு கண்ணாக மூடி நாள்காட்டியின் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். இரு கண்ணாலும் பார்க்கும்போது உருவம் இரண்டாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள். டார்ச் விளக்கால் அண்ணத்தைப் பாருங்கள். ஒருபக்க வலி, ஒருபக்க மரப்பு, காரணமின்றி ஆடும் மேற்பல், மூக்கிலிருந்து ரத்தம் கலந்த நீர், இமை வீக்கம் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் அன்றே வாருங்கள். சைனஸ் வலி பெரும்பாலும் இந்நோயாக இராது. எண்டோஸ்கோப்பில் பார்த்து அதை உறுதிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

இன்று அந்த மளிகைக்கடைக்காரர் கடையில் அமர்கிறார். அண்ணத்தின் துளையை மூடும் தகட்டை அணிந்தே உண்கிறார். கடைசியாக வந்தபோது அவர் மனைவி, “அன்னைக்கு ராத்திரியே கையெழுத்துப் போட்டிருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமா டாக்டர்?” என்று கேட்டார். உறுதியாகச் சொல்ல இயலாது என்றும், தப்பியிருக்க வாய்ப்பு மிகுதி என்றும் சொன்னேன். அன்றிரவு ‘அவசரம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், அடைபட்ட ரத்தக் குழாயைப் பற்றி இங்கே எழுதிய அளவாவது அவர்களுக்கு நான் விளக்கியிருக்க வேண்டும். அக்குறை என்னுடையது. அதை ஈடுசெய்யவே இதை எழுதுகிறேன்.