"ஒரு மூடி போதும் காக்கா" என்று பதில் போடும் நாங்கள்

போன மாதம் ஓர் இரவு எங்கட பழைய மாணவர் வட்ஸ்அப் குறூப்பில் ஒரு படம் வந்தது. பூச்சிமருந்துப் போத்தல் ஒன்றின் லேபல். அனுப்பியவர் 40 பேர்ச் காணியில் கத்தரி போட்டிருக்கும் ஒரு காக்கா. கீழே ஒரே வரி: "தம்பிமாரே, இத எப்படி அடிக்கிற? எழுத்து சின்னன், கண்ணுக்கு வெளங்குதில்ல."

இரண்டு நிமிசத்தில் நாங்கள் பதில் போட்டோம். "10 லீற்றர் தண்ணிக்கு 6 மில்லி. உங்கட டாங்கிக்கு ஒரு மூடி போதும் காக்கா." நாலு பேர் கைவிரல் உயர்த்தினார்கள். ஆசிரியர் கலாசாலை வரை படித்த நாங்கள் ஒரு விவசாயிக்கு உதவி செய்துவிட்டோம் என்று போய்ப் படுத்தோம்.

அந்தப் பதிலில் இருந்த பிழைகளை இன்று வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதே பதிலை ஊரில் ஒவ்வொரு குறூப்பிலும் யாரோ ஒருவர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

முதலாவது, மூடி. 6 மில்லி என்று வாசித்தது சரிதான். காக்காவின் மெசின் 16 லீற்றர் பிடிக்கும். கணக்குப் போட்டால் ஒரு டாங்கிக்கு 9.6 மில்லி வருகிறது. "ஒரு மூடி" என்பதை நாங்கள் எங்கிருந்து எடுத்தோம்? லேபலில் இல்லை. கடையில் அப்படிச் சொல்வார்கள், எங்கட வாப்பாமாரும் அப்படித்தான் அடித்தார்கள், அவ்வளவுதான். பிறகு கையுறை போட்டு, அதே மாதிரி வெற்றுப் போத்தல் ஒன்றின் மூடியில் தண்ணீர் நிரப்பி, பாமசியில் வாங்கிய 10 மில்லி சிறிஞ்சால் இழுத்துப் பார்த்தோம். ஒரு மூடி 14 மில்லி பிடித்தது. காக்காவோ "பூச்சி கூடத் தம்பி" என்று இரண்டு மூடி ஊற்றியிருக்கிறார். 9.6 போக வேண்டிய இடத்தில் 28. ஏறத்தாழ மூன்று மடங்கு. மூடி போத்தலுக்குப் போத்தல் மாறும், லேபலில் உள்ள எண் மாறாது. மருந்துக்கென்று ஒரு சிறிஞ்சை வாங்கி, அடையாளம் போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று சொல்லியிருந்தால் அதுதான் உதவி.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. பதிலில் நாங்கள் எழுதாமல் விட்டது. அடித்த பிறகு எத்தனை நாள் பொறுத்துக் காய் பறிக்கலாம்?

படத்தில் அது இல்லை என்பது உண்மை. போத்தல் உருண்டை. காக்கா ஒரு பக்கத்தைத்தான் எடுத்திருந்தார். மருந்தளவு அட்டவணை முன்னால் தெரிந்தது, மற்றதெல்லாம் வளைவுக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் "மற்றப் பக்கத்தையும் அனுப்புங்க காக்கா" என்று கேட்க எங்களுக்குக் கை வரவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததைச் சுருக்கினோம், இல்லாததைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாசிக்கிறவருக்கு அது எப்படி விளங்கும்? லேபலில் சொல்ல வேண்டியது அவ்வளவுதான் என்றே விளங்கும்.

காக்கா வியாழன் பின்னேரம் அடித்தார். ஞாயிறு காலை பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோனார். பிறகு அவர் வீட்டுக்குப் போய்ப் போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். தமிழிலேயே தெளிவாக இருந்தது: கடைசியாக விசிறி 7 நாட்களுக்குப் பின்னரே அறுவடை செய்ய வேண்டும். அந்தக் காய் எங்கட ஊர்ச் சந்தையில்தான் விற்றது. வாங்கியவர்களில் நாங்களும் இருந்திருக்கலாம். இன்னொன்று, அந்த 7 நாள் என்பது லேபலில் சொன்ன அளவுக்கு அடித்தால் உள்ள கணக்கு. மூன்று மடங்கு அடித்துவிட்டு 7 நாள் பொறுத்தாலும் அந்த உத்தரவாதம் இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். கத்தரியை நாலு நாளைக்கு ஒருக்கா பறிக்காவிட்டால் முத்திப் போகும், 7 நாள் பொறுக்கச் சொன்னால் விவசாயி என்ன செய்வான், நீங்கள் சம்பளக்காரர்கள், சொல்வது லேசு என்று. கேள்வி நியாயமானது. காக்காவும் அதைத்தான் கேட்டார். ஒரு பறிப்பு நட்டம் என்பது அவருக்குச் சின்னக் காசு இல்லை.

ஆனால் அதனால்தான் சொல்கிறோம், பொறுக்கும் நாளைக் கடைசி வரியாக எழுதக்கூடாது, முதல் வரியாக எழுத வேண்டும். போத்தலை வாங்கி, டாங்கியில் கலக்கிய பிறகு 7 நாள் என்று தெரிந்து என்ன பயன்? காசு கொடுக்க முன்னமே கடை மேசையில் வைத்துத் தெரிந்தால், இதே பயிருக்கும் இதே பூச்சிக்கும் நாள் குறைந்த வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்கலாம், விவசாயப் போதனாசிரியரிடமும் விசாரிக்கலாம். வேறு இல்லையென்றால், பறிக்கக்கூடிய காயை எல்லாம் காலையில் பறித்து எடுத்துவிட்டு அன்று பின்னேரம் அடிக்கலாம். அப்போதும் ஏழு நாளுக்குள் கொஞ்சம் முத்தும். அதைப் பறித்து விற்காமல் விட வேண்டும். நட்டம் முழுக்க இல்லாமல் போகாது, குறையும்.

படம் எடுக்கிறவருக்கும் ஒரு சொல். ஃபிளாஷ் போடாமல், நிழலில், போத்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலு படம் எடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிச் சின்ன எழுத்து கலங்கிவிடும். டொகியுமன்டாக அனுப்பினால் அப்படியே வரும். மடித்து ஒட்டிய துண்டுத்தாள் இருந்தால் அதையும் விரித்து எடுங்கள்.

பதில் போடுகிறவர்களுக்குத்தான் எங்கட கோபம் எல்லாம், எங்களையும் சேர்த்து. எண் கலங்கினால் ஊகிக்க வேண்டாம். 6 ஆகவும் இருக்கலாம் 8 ஆகவும் இருக்கலாம் என்றால் திரும்பப் படம் கேளுங்கள். ஹெக்டயருக்கு என்று போட்டிருப்பதை ஏக்கருக்கு என்று வாசித்தால் இரண்டரை மடங்கு கூடிவிடும். லேபலில் அந்தப் பயிரின் பெயர் இல்லையென்றால் சுருக்கம் எழுதவே கூடாது. மிளகாய்க்கு உள்ள அளவைப் பயற்றைக்குக் கடன் எடுக்கக் கூடாது. "கவனமாக அடிக்கவும்" என்று எழுதுவது முன்னெச்சரிக்கை அல்ல. அது யாரும் வாசிக்காத வரி. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

காக்காவுக்கு இரண்டாம் முறை நாங்கள் அனுப்பியது இதுதான். அந்தப் போத்தலுக்கு மட்டும் உரியது, தயவுசெய்து வேறு மருந்துக்கு எடுக்க வேண்டாம்:

அடித்த பிறகு 7 நாள் காய் பறிக்கக் கூடாது. வியாழன் அடித்தால் அடுத்த வெள்ளிதான் பறிப்பு.

16 லீற்றர் டாங்கிக்கு 9.6 மில்லி, சிறிஞ்சால் அளந்து. மூடி வேண்டாம்.

லேபலில் ஹெக்டயருக்கு 500 லீற்றர் தண்ணீர். உங்கட 40 பேர்ச்சுக்கு அது 50 லீற்றர், அதாவது மூன்று டாங்கி. மொத்த மருந்து 30 மில்லிக்குள் முடியும்.

கையுறை, முகமூடி, நீளக் கை சேட். காற்றுக்கு எதிரே நிற்க வேண்டாம். நொசில் அடைத்தால் வாயால் ஊத வேண்டாம். தலை சுற்றினால் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு காக்காவின் அடுத்த படம் வந்தது. கடை மேசையில் வைத்து எடுத்த நாலு படம். கீழே எழுதியிருந்தார்: "இன்னும் காசு குடுக்கல்ல. முதல்ல நாளச் சொல்லுங்க."