அசல் உயில் காணோம், கையில் ஜெராக்ஸ்தான் இருக்கு: வாரிசுகள் என்ன செய்யலாம்?

ஓர் உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஆரப்பாளையத்தில் ஒரு மாடி வீடு. அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டியது. பிள்ளைகள் மூன்று பேர். கடைசிக் காலத்தில் கூடவே இருந்து கவனித்துக்கொண்ட மகளுக்கு அந்த வீட்டை உயில் எழுதி வைத்தார். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள், பதிவு செய்யவில்லை. அவர் காலமான பிறகு பீரோவைத் திறந்து பார்த்தால் அசல் இல்லை. மகளிடம் இருப்பது ஒரு ஜெராக்ஸ் மட்டும். "ஜெராக்ஸ் எல்லாம் கோர்ட்ல செல்லாதும்மா, மூணு பங்கா பிரிச்சுக்குவோம்" என்கிறார் அண்ணன்.

அண்ணன் சொல்வது சரியில்லை. அசல் இல்லாத உயிலைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 237-வது பிரிவு. உயில் எழுதியவர் இறந்த பிறகு அது தொலைந்துபோயிருந்தாலோ, அவருடைய செயலால் அல்லாமல் விபத்தாகவோ வேறு யாரோ செய்த தவறாலோ அழிந்திருந்தாலோ, நகல் மிஞ்சியிருந்தால் அந்த நகலின் பேரில் நீதிமன்றம் புரொபேட் வழங்கலாம்.

அந்தப் பிரிவை மறுபடி படித்துப் பாருங்கள். "இறந்த பிறகு", "அவருடைய செயலால் அல்லாமல்". வழக்கு முழுவதும் இந்த இரண்டு சொற்றொடர்களில்தான் நிற்கிறது. காரணம், உயிலை எழுதியவரே அதை ரத்து செய்யும் எண்ணத்தோடு கிழித்தாலோ எரித்தாலோ உயில் அத்தோடு முடிந்தது. 70-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆகவே அசல் கடைசியாக அப்பாவின் கையில் இருந்து, அவர் இறந்தபோது கிடைக்கவில்லை என்றால், "அவரே மனசு மாறிக் கிழித்திருப்பார்" என்ற ஊகம் எழும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பதும் அதைத்தான். ஜெராக்ஸ் செல்லுமா என்பதைவிட, அசல் கடைசியாக யாரிடம் இருந்தது என்பதே பெரிய கேள்வி.

இந்த ஊகத்தை உடைக்கலாம். 1875-இல் இங்கிலாந்தில் செயின்ட் லியோனார்ட்ஸ் பிரபு இறந்தபோது, அவருடைய உயில் இருந்த பெட்டியில் உயில் இல்லை. அவர் சாதாரண ஆள் இல்லை, நாட்டின் லார்ட் சான்சலராக இருந்த சட்ட வல்லுநர். மகள் உயிலில் இருந்ததை நினைவிலிருந்தே சொன்னார். அந்தப் பெட்டியை வேறு சாவிகளாலும் திறக்க முடிந்தது என்பதைக் கணக்கில் எடுத்த நீதிமன்றம், அவர் தானே அழித்திருப்பார் என்பதை ஏற்காமல் 1876-இல் மகள் பக்கம் தீர்ப்பளித்தது. நம் மகளிடம் குறைந்தபட்சம் ஜெராக்ஸாவது இருக்கிறது!

ஆரப்பாளையம் வீட்டில் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான். பீரோ சாவி யார் யாரிடம் இருந்தது? இறந்த அன்று வீட்டில் யார் இருந்தார்கள்? கடைசி மாதங்களில் அப்பா தானாக எழுந்து பீரோவைத் திறக்கும் நிலையில் இருந்தாரா? "வீடு உனக்குத்தான்" என்று கடைசிவரை யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தாரா? இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர், நர்ஸ், உறவினர் எல்லோருமே சாட்சிகள்தான். மகள் இதையெல்லாம் தேதியோடு இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் ஞாபகம் வராது.

அடுத்தது ஜெராக்ஸை உள்ளே கொண்டுபோகிற வழி. இங்கே உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் ஜக்மைல் சிங் எதிர் கரம்ஜித் சிங் வழக்கில் சொன்னது உதவும். பஞ்சாப் வழக்கு அது. பட்டா மாற்றம் போன்ற வேலைக்காக அசல் உயிலைக் கிராம வருவாய் ஊழியரிடம் கொடுத்ததாகவும், அது திரும்பி வரவில்லை என்றும் வாரிசுகள் சொன்னார்கள். ஊழியர்களுக்கு நோட்டீஸ் போனது, உயில் வரவில்லை. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஜெராக்ஸை அனுமதிக்க மறுத்தன. உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அசல் என்ற ஒன்று இருந்தது, அது யாரிடம் போனது, ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அடிப்படை போட்டுவிட்டால் நகலைச் சாட்சியமாகக் கொடுக்க வழிவிட வேண்டும் என்றது. கூடவே ஒரு எச்சரிக்கை: அனுமதித்ததாலேயே உயில் நிரூபணமாகிவிடாது.

மகள் செய்ய வேண்டியதும் அதே வரிசைதான். அசல் அண்ணனிடம் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் அதைக் கொண்டுவரச் சொல்லி முறையாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். போலீஸ் புகாரும் பத்திரிகை விளம்பரமும் தேடினோம் என்று காட்ட உதவும். அவையே நிரூபணம் ஆகாது. ஜெராக்ஸை அசலிலிருந்து எடுத்தது யார், எப்போது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸ் என்றால் சிக்கல் கூடும். இந்த விதிகள் முன்பு சாட்சியச் சட்டத்தின் 65, 66-வது பிரிவுகளில் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 60, 64-வது பிரிவுகளில் இருக்கின்றன.

பிறகுதான் உயிலையே நிரூபிக்கிற கட்டம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது உயிரோடு இருந்து, வர முடிந்தால், கோர்ட்டுக்கு வந்தே ஆக வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன், அவர் முன்னிலையில் நானும் போட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். இருவருமே இல்லையென்றால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் அப்பாவின் கையெழுத்தையும் அடையாளம் காட்ட ஆள் தேட வேண்டும். ஜெராக்ஸில் பேனா அழுத்தம் தெரியாது என்பதால் கையெழுத்து நிபுணரை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து. சாட்சி வயதானவரா? அவரை முதலில் போய்ப் பாருங்கள், வக்கீலை அப்புறம் பார்க்கலாம்.

எங்கே போவது? மதுரையில் இருக்கிற வீட்டுக்கு, மதுரையில் எழுதிய உயிலுக்குப் புரொபேட் கட்டாயம் என்பது கிடையாது. சென்னை நகருக்கு இருந்து வந்த விதியைக் கேட்டுத்தான் நம் ஊரில் பலர் குழம்புகிறார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் புரொபேட் கேட்கலாம். அல்லது சிவில் கோர்ட்டில் வீடு தன்னுடையது என்று அறிவிக்கக் கோரி வழக்குப் போட்டு, அதில் உயிலை நிரூபிக்கலாம். தாலுகா ஆபீஸில் ஜெராக்ஸைக் கொடுத்துப் பட்டா மாற்றி வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பட்டா உயிலை நிரூபிக்காது.

உயில் பதிவு செய்யப்பட்டிருந்தால் கதை எவ்வளவோ சுலபம். எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் மனுப் போட்டுப் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். வில்லங்கச் சான்றில் உயிலைத் தேடிவிட்டு "பதிவே ஆகலை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உயில்கள் தனிப் புத்தகத்தில் ஏறுகின்றன, வில்லங்கத்தில் வராது. சான்றிட்ட நகல் கிடைத்தாலும் சாட்சியை அழைப்பது தவிராது, ஆனால் எழுதியிருந்தது என்ன என்ற சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அண்ணனே அசலைக் கிழித்தார் என்றால் அது வெறும் குடும்பச் சண்டை இல்லை. மோசடியாக உயிலை அழிப்பதும் மறைப்பதும் பாரதிய நியாய சம்ஹிதையின் 343-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரையோ ஆயுள் வரையோ தண்டனை உள்ள குற்றம். கையில் ஆதாரம் இல்லாமல் இந்தப் புகாரைக் கொடுத்தால், சமரசத்துக்கு இருந்த கதவும் அடைபடும்.

நிரூபிக்க முடியாமல் போனால், வீடு உயில் இல்லாத சொத்தாகி, அம்மா இல்லாத இந்தக் குடும்பத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. நிரூபித்தால் புரொபேட் கிடைக்கும், ஆனால் அதில் ஒரு வரம்பு இருக்கும்: அசலோ, முறையாகச் சான்றிட்ட நகலோ கோர்ட்டுக்கு வரும்வரைதான் அது செல்லும். நாளைக்குப் பீரோவின் பின்பலகையிலிருந்து அசல் விழுந்தால், அதை எடுத்துக்கொண்டு மறுபடி கோர்ட்டுக்குப் போக வேண்டும்.