மிச்சத்தில் வாழ்பவள்

"இன்று நீங்கள் செலவு செய்யக்கூடிய தொகை ரூ. 250." காலை ஏழு மணிக்குப் பல பெண்களின் கைபேசியில் இப்படி ஒரு வரி வந்து விழுகிறது. வாடகை, தவணை, கட்டணங்கள், சேமிப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்ட பிறகு இன்றைக்கு மிஞ்சுவது இது. எனக்கும் வருகிறது. மாதக் கடைசியில் வாடகைப் பணத்தைத் தொட்டுவிடாமல் இருக்க அது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இதைப் பற்றிப் பேசினாலே, "எண்ணுக்கு ஆணென்ன பெண்ணென்ன?" என்கிறார்கள். எண்ணுக்கு இல்லைதான். கழிப்பவருக்கு உண்டு.

கணக்கு எளியது. மாத வரவிலிருந்து நிலையான செலவுகளையும் சேமிப்பையும் கழிக்க வேண்டும். அதுவரை செலவானதையும் கழித்து, மீதியை மாதத்தில் எஞ்சியுள்ள நாட்களால் வகுக்க வேண்டும். வகுத்தலில் சண்டைக்கு இடமில்லை. எது 'நிலையானது' என்று முதலில் எழுதுகிறோமே, அங்கேதான் வீட்டின் அரசியல் முழுவதும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஏறிய செலவை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஏறாதது ஒவ்வொரு நாளும் அந்த எண்ணின் முன்னால் நின்று அனுமதி கேட்க வேண்டும்.

என் தோழி ஒருத்தி சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சம்பளம் 28,000 ரூபாய். அவளும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய பட்டியல் இது: வாடகை 8,000, கணவரின் வண்டித் தவணை 3,400, சீட்டு 2,000, மின்கட்டணத்துக்கு மாதம் 600, கைபேசியும் இணையமும் 900, பிள்ளையின் பள்ளி வேன் 1,500, கணவர் பெயரில் உள்ள தொடர் வைப்புக் கணக்குக்கு 3,000. ஆக 19,400. மீதி 8,600. முப்பது நாள் கொண்ட செப்டம்பரில், ஒன்றாம் தேதி காலை வந்த எண் 286. கணவரின் சம்பளம் அவருடைய கணக்கில் இருக்கிறது. அதில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் காலைச் செய்தி போவதில்லை.

பத்தாம் தேதி காலை மிச்சம் 5,250, நாட்கள் 21, எண் 250. அன்று சமையல் எரிவாயு உருளை வந்தது. கிட்டத்தட்ட 900 ரூபாய். காய்கறி, பால் என்று வழக்கமான 250-ம் போனது. பதினொன்றாம் தேதி காலை எண் 205. அவள் ஊதாரித்தனம் எதுவும் செய்யவில்லை, அடுப்பு எரிய வேண்டியதைச் செய்தாள். ஆனால் செயலி அதை மீறலாகப் பார்த்து, மிச்சமிருந்த இருபது நாட்களிலும் தலா 45 ரூபாயைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் வீட்டில் உருளை ஒன்றரை மாதத்துக்கு ஒன்று தீர்கிறது. மாதம் 600 என்று பட்டியலில் ஏற்றியிருக்கலாம். வண்டிக்குத் தவணை உண்டு என்பது நினைவுக்கு வந்தது, அடுப்புக்கும் தவணை உண்டு என்பது வரவில்லை.

இருவர் கைபேசியிலும் அதே செயலிதான். "இன்னைக்கு இருநூத்தி அஞ்சுதான், பாத்துக்கோ" என்றாராம் கணவர். முன்பெல்லாம் இந்தக் கஞ்சத்தனத்தை ஒரு ஆண் தன் வாயால் சொல்லியாக வேண்டும், முகம் சுளித்தாக வேண்டும், அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். இப்போது எந்திரம் சொல்கிறது, அவர் வாசித்துக் காட்டுகிறார். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார ரீதியான கொடுமையையும் வன்முறை என்றே வரையறுத்தது. வீட்டுத் தேவைக்கான பணத்தை மறுப்பதும் அதில் அடங்கும். தோழியின் கணவர் கொடுமைக்காரர் அல்ல. அவர் எதையும் மறுக்கவேயில்லை, எண்தானே மறுத்தது.

அவள் அந்த வாரம் தள்ளிப்போட்டது தைராய்டு மாத்திரையை. பழந்தமிழில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்படும் தலைவன் தலைவியை எண்ணிப் பயணத்தைத் தள்ளிப்போடுவதற்குச் 'செலவழுங்கல்' என்று ஒரு துறையே உண்டு. இன்றைய வீட்டில் செலவழுங்குகிறவள் தலைவிதான், அதுவும் தனக்கான செலவில் மட்டும். மாத்திரை விலை 200 ரூபாய்க்கும் குறைவு. ஆனால் அதை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் தெரியாது. உடலில் இருக்கும் மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சோர்வும் மறதியும் மெல்லத்தான் வரும், வரும்போது அவற்றை மாத்திரையோடு யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். பால் வாங்காவிட்டால் அன்றே வீடு கேட்கும். எது சத்தமில்லாமல் வெட்டுப்படுமோ அதுவே முதலில் வெட்டுப்படுகிறது. அது பெரும்பாலும் பெண்ணின் உடல் சார்ந்ததாக இருக்கிறது: மாத்திரை, நாப்கின், பல் வலிக்கு மருத்துவர். மாதந்தோறும் தவறாமல் வருகிற மாதவிடாயைவிட நிலையான செலவு எது? அந்தப் பட்டியலில் அதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்கு இதைவிடவும் கோபம் தருவது வேறொன்று. நம் அம்மாக்களுக்குச் சிறுவாடு இருந்தது. கொடுத்த காசில் மிச்சம் பிடித்துப் பருப்பு டப்பாவில் போட்டார்கள். என்ன மிச்சம் என்று யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை. இந்தச் செயலியில் சிறுவாடு செத்துப்போகிறது. உருளை வராத ஒரு நாளில் 250 ரூபாயில் அவள் 150-க்குள் சமாளித்தாள் என்று வையுங்கள். மிச்சம் பிடித்த 100 ரூபாய் அவளுடையதாக நிற்பதில்லை. இரவு கடந்ததும் அது பொதுவில் கரைந்து, மீதி இருபது நாட்களின் எண்ணில் தலா ஐந்து ரூபாயாக ஏறிவிடுகிறது. அந்த ஐந்து ரூபாயில் யாரும் டீ குடிக்கலாம். மிச்சம் பிடித்த உழைப்பு அவளுடையது, மிச்சம் வீட்டுடையது. சிக்கனத்தை இத்தனை சுத்தமாக அவள் கையிலிருந்து துடைத்தெடுக்க எந்த மாமியாராலும் முடிந்ததில்லை.

குடும்பக் கணக்கையே தூக்கி எறியச் சொல்லவில்லை. ஜப்பானில் 1904-இல் வீட்டுக் கணக்குப் புத்தகத்தை வடிவமைத்துப் பரப்பியவர் ஹானி மோதோகோ என்ற பெண் பத்திரிகையாளர். அதில் பெண் தன் கையால் தலைப்பிட்டு எழுதினாள். என்ன எதன்கீழ் வரும் என்று எழுதும்போதே யோசித்தாக வேண்டும். செயலி அந்த யோசனையை முதல் நாளோடு முடித்துவிடுகிறது. அந்த முதல் நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதே பிறகு எல்லா நாளையும் தீர்மானிக்கிறது.

அக்டோபர் பிறக்கும் முன் தோழி பட்டியலைத் திருத்தினாள். உருளைக்கு 600, மாத்திரைக்கும் நாப்கினுக்கும் 300 என்று நிலையான செலவில் ஏற்றினாள். கணவர் முதலில் எதிர்த்தது எண்ணைக் காட்டித்தான்: முப்பது நாளுக்கு வகுத்தால் 286 இருந்த இடத்தில் 256 ஆகிறதே என்றார். உருளை வரும் நாளில் அது சரியாது என்று அவள் போட்டுக் காட்டினாள். அதற்கு ஒப்புக்கொண்டார். சேமிப்பில்தான் வாக்குவாதம் நீண்டது. 3,000 ரூபாயில் பாதியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றாள் அவள். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே போடுறேன்?" என்றார் அவர். "அப்போ யார் பேர்ல இருந்தா என்ன?" என்றாள்.

அஞ்சலகத்தில் மாதம் நூறு ரூபாயிலிருந்தே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம், ஐந்து வருடம் ஓடும். அவள் 1,500-க்குத் தொடங்கியிருக்கிறாள். பாஸ்புத்தகம் கல்லூரியில் அவளுடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது.