வெள்ளிக்கிழமை 'வரை' அனுப்பணுமா, வெள்ளிக்கிழமைக்'குள்' அனுப்பணுமா? டெட்லைன் மெயிலில் குழப்பும் 'அன்டில்', 'பை'

ஆபீஸ் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: 'ப்ளீஸ் சப்மிட் த ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே'. வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட் கைக்கு வர வேண்டும் என்பதுதான் எழுதியவர் சொல்ல வந்தது. ஆனால், அந்த ஆங்கில வரிக்கு அர்த்தம் வேறு. 'வெள்ளிக்கிழமை வரைக்கும் ரிப்போர்ட்டை அனுப்பிக்கிட்டே இருங்க' என்கிறது அது.

எந்த ஊழியரும் அப்படி நாலைந்து நாள் விடாமல் அனுப்பப் போவதில்லை. விஷயம் புரிந்துவிடும். 'புரிஞ்சா போதாதா, இதைப் போய் பெரிசு பண்ணணுமா?' என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எல்லா வேலையும் ரிப்போர்ட் அனுப்புவது போல ஒரே முறையில் முடிவதில்லை.

தப்பு எங்கே நடக்கிறது?

ஆங்கிலத்தில் 'அன்டில்' என்பது ஒரு நிலை எதுவரை நீடிக்கிறது என்று சொல்லும். காத்திருப்பது, தங்குவது, திறந்திருப்பது எல்லாம் நீடிக்கிற விஷயங்கள். 'பை' என்பது ஒரு செயல் எந்த நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லும். அனுப்புவது, பணம் கட்டுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் ஒருமுறை நடந்து முடிகிறவை.

ஜெர்மன் மொழியில் இந்த இரண்டுக்கும் 'பிஸ்' என்ற ஒரே சொல்தான். அதனால், ஜெர்மானியர்கள் ஆங்கிலம் எழுதும்போது இதில் தடுமாறுவது இயல்பு. ஆனால் தமிழில் 'வரை', 'க்குள்' என்று இரண்டு தனித்தனியாகவே இருக்கின்றன. அப்புறமும் ஏன் இந்தக் குழப்பம்?

காரணம் ஒரு சின்ன 'லாம்'. 'ஜூன் 20 வரை விண்ணப்பிக்கலாம்' என்ற அறிவிப்பைப் பார்க்காதவர் இல்லை. அது சரியான தமிழ். அங்கே ஜூன் 20 வரை நீடிப்பது விண்ணப்பிக்கும் செயல் அல்ல, விண்ணப்பிப்பதற்கான அனுமதி. ஆங்கிலத்திலும் 'யூ கேன் அப்ளை அன்டில் ஜூன் 20' என்பது சரிதான். 'யூ ஹேவ் அன்டில் ஃப்ரைடே டு சப்மிட்' என்பதும் சரிதான்.

மெயிலில் இதைக் கட்டளையாக மாற்றும்போது 'லாம்' கழன்று விழுந்துவிடுகிறது. 'வரை' மட்டும் 'அன்டில்' ஆகி ஒட்டிக்கொள்கிறது. தமிழிலேயே இதைச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். 'வெள்ளிக்கிழமை வரை ரிப்போர்ட் அனுப்பு' என்றால், தினமும் ஒன்று அனுப்பச் சொல்கிறார் என்றுதானே தோன்றும்? 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு' என்பதுதான் டெட்லைன். இங்கே உதவிக்கு வருவது ஆங்கில இலக்கணப் புத்தகம் இல்லை, நம்ம தமிழ்க் காதுதான்.

நிஜமாகவே இடிக்கும் இடம்

ஒரு ஆப் வெள்ளிக்கிழமை இரவு வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். டீம் லீட் திங்கட்கிழமையே 'டெஸ்ட் த ஆப் அன்டில் ஃபைவ் பி.எம். ஃப்ரைடே' என்று மெயில் போடுகிறார். டெஸ்டிங் என்பது நாள் கணக்கில் நீடிக்கக்கூடிய வேலை. ஆகவே இந்த வரியில் எந்தத் தப்பும் தெரியாது. டெஸ்டர் சொன்னபடியே வெள்ளி மாலை 5 மணி வரை டெஸ்ட் செய்கிறார். அதற்குப் பிறகு உட்கார்ந்து பிழைப் பட்டியலை எழுத ஆரம்பிக்கிறார்.

லீட் எதிர்பார்த்தது வேறு. 5 மணிக்கெல்லாம் டெஸ்டிங் முடிந்து பட்டியல் கையில் இருந்தால்தான், ரிலீஸுக்கு முன்னால் டெவலப்பர்கள் அதைச் சரிசெய்ய முடியும். அவர் எழுதியிருக்க வேண்டியது, 'சென்ட் மீ த பக் லிஸ்ட் பை ஃபைவ் பி.எம். ஃப்ரைடே'. இரண்டு பேருமே சோம்பேறிகள் இல்லை. ஒரு சொல் மாறியதில் ஒரு மாலைப் பொழுது போய்விட்டது.

டெஸ்ட், ரிவ்யூ, செக் மாதிரி சொற்களோடு 'அன்டில்' வந்தால் கூடுதல் கவனம் தேவை. இவை நீடிக்கவும் செய்யும், முடியவும் செய்யும். இரண்டு அர்த்தமும் பொருந்துவதால், படிப்பவருக்குச் சந்தேகமே வராது. அதனால் அவர் திருப்பிக் கேட்கவும் மாட்டார்.

'நாட்' சேர்ந்தால் தலைகீழ்

எதிர்மறை வாக்கியத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஒரு ஃப்ரீலான்ஸர் தன் பணம் எப்போது வரும் என்று கேட்கிறார். 'த பேமென்ட் வில் நாட் பி ரிலீஸ்டு அன்டில் ஃப்ரைடே' என்று பதில் வந்தால் அது நல்ல செய்தி. வெள்ளிக்கு முன்னால் வராது, வெள்ளிக்கிழமை எதிர்பார்க்கலாம் என்று அர்த்தம். அதே வரியில் 'பை ஃப்ரைடே' என்று இருந்தால், வெள்ளிக்கிழமை முடிந்தாலும் பணம் வந்திருக்காது. வாடகைக்கு அந்தப் பணத்தை நம்பியிருப்பவர், இரண்டாவது வரியைப் படித்ததுமே வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும்.

'டில்' போட்டால் சரியாகிடுமா?

ஆகாது. 'டில்', 'அன்டில்' இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். பலரும் நினைப்பது போல 'டில்' என்பது 'அன்டில்' என்பதன் சுருக்கமும் இல்லை. சொல்லப்போனால் 'டில்'தான் பழைய சொல், 'அன்டில்' பிறகு வந்தது. பேச்சில் 'டில்' சகஜம், அலுவல் கடிதங்களில் 'அன்டில்' அதிகம். 'சப்மிட் டில் ஃப்ரைடே' என்று எழுதினாலும் அதே தப்புதான்.

சரியான சொல்லும் போதாத நேரம்

'பை ஃப்ரைடே' என்றால் பொதுவாக வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. ஆனால் 'வெள்ளிக்குள்' என்று மனதில் ஓடுகிற ஒருவர், வியாழனே கடைசி என்று எடுத்துக்கொள்ளலாம். வெள்ளி என்றாலும் மாலை 5 மணியா, இரவு 12 மணியா என்பது தெரியாது.

'அன்டில்' இன்னும் வழுக்கும். 'ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் மண்டே' என்றால் திங்கட்கிழமை ஆள் வருவாரா, மாட்டாரா? தமிழில் 'திங்கள் வரை லீவு' என்றால் திங்களும் லீவு என்றே பலர் எடுத்துக்கொள்வோம். அதே ஆங்கில வரியைப் படிக்கும் வெளிநாட்டு கிளையன்ட், திங்கட்கிழமை காலையிலேயே மீட்டிங் போட்டுக் காத்திருக்கலாம். இதில் யார் பக்கம் சரி என்று வாதாடிப் பயனில்லை, அந்த வரிக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. 'பேக் அட் வொர்க் ஆன் டியூஸ்டே' என்று எழுதிவிட்டால் கேள்வியே எழாது.

டெட்லைனைத் தப்பாகப் புரிந்துகொண்டதாக ஜூனியர்கள் திட்டு வாங்குவது ஆபீஸ்களில் சகஜம். ஆனால் டெட்லைன் என்பது வேலை கொடுப்பவர் எழுதும் வாக்கியம். அதைத் தெளிவாக எழுதும் பொறுப்பும் அவருடையதுதான். முடிய வேண்டிய வேலைக்கு 'பை', நீடிக்க வேண்டியதற்கு 'அன்டில்', கூடவே தேதியும் மணியும். சென்ட் பட்டனை அழுத்துவதற்கு முன் அந்த வரியை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்தால் போதும். 'க்குள்' வர வேண்டிய இடத்தில் 'வரை' வந்தால் காதே காட்டிக்கொடுத்துவிடும்.