சேலை சுடிதாராக, கலர் மாத்தினா போதுமா?

எங்க கோட்டைக்குப்பத்து அக்கா ஒருத்தர், சேலையில் எடுத்த தன் போட்டோவைக் கம்ப்யூட்டரில் சுடிதாராக்கித் தரச் சொன்னார். கலரையும் பூவேலையையும் மாற்றிக் கொடுத்தேன். "இது இன்னும் சேலைதான்டா தம்பி" என்று சிரித்துவிட்டார்!

காரணம், வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்கு ஏறும் முந்தானை மடிப்பும், முன்கொசுவமும் அப்படியே இருந்தன. சுடிதார் துணியோ இரு தோளிலிருந்தும் நேராக விழும். ஆகவே முதலில் முந்தானையை அழித்து, கழுத்து, தோள், கை, பக்கவாட்டுக் கோடுகளைப் புதிதாக வரையணும். முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ, அதற்கேற்பவே மடிப்பில் நிழல் போடணும்.

ஆனா ஒன்று: முந்தானை மறைத்த உடல்வாகு படத்தில் கிடையாது, அது நம் ஊகம்தான். அதனால் தளர்வாகவே வரைந்து, அவரிடம் காட்டி, சம்மதம் கேட்ட பிறகே பிரிண்ட் போடணும் என்பதே என் கட்சி!