அது பட்ஜெட் இல்லை, ஆசை

கோபத்தில்தான் எழுதுகிறேன். போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் மகனை அமெரிக்காவுக்கு எம்.எஸ். அனுப்பும் கணக்கோடு வந்தான். வருடத்துக்கு 32,000 டாலர், இரண்டு வருடம். டாலர் 85 ரூபாய் என்று போட்டு 54 லட்சத்து 40 ஆயிரம். கடன் 45 லட்சம், கைக்காசு 10 லட்சம். "அறுபதாயிரம் மிச்சம் சார்" என்றான். பத்தாம் வகுப்பில் இவனுக்கு மார்க் போட்டதே நான்தான்!

முதல் தப்பு, பேப்பரில் வரும் விலையை வைத்துக் கணக்குப் போட்டது. வங்கி நமக்கு விற்கும் விலை அதைவிடக் கூடுதல். ஒரு ரூபாய் கூடுதல் என்றாலே 64,000 டாலருக்கு 64,000 ரூபாய். அவனுடைய மிச்சம் டாலர் அசையாமலேயே போய்விட்டது.

அடுத்தது, கடன் ரூபாயில் நிற்கிறது, ஃபீஸ் டாலரில் ஓடுகிறது. இரண்டாம் வருடப் பணம் அன்றைய விலைக்குத்தான் போகும். 86 வீதம் முதல் வருடம் கட்டியபின் கையில் இருப்பது 27 லட்சத்து 48 ஆயிரம். அதை 32,000-ஆல் வகுத்துப் பாருங்கள், 85 ரூபாய் 87 காசு. டாலர் அதைத் தாண்டினால் பணம் போதாது. எந்த விலையில் குடும்பம் உடையும் என்ற இந்த ஒரு எண்ணை யாருமே கணக்கிடுவதில்லை.

"அவ்வளவெல்லாம் ஏறாது சார்" என்கிறீர்கள். 2022 ஜனவரியில் 74 பக்கம் இருந்தது, அக்டோபரில் 83. அதே வேகத்தில் 86 ஏறினால் 95. ஏறக்குறைய 3 லட்சம் துண்டு விழும். 2013-ல் மே மாதம் 54 பக்கம் இருந்தது, ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது. நாலில் ஒரு பங்கு ஏற்றம் என்று வைத்தால் 107; துண்டு 6 லட்சத்து 76 ஆயிரம். டாலர் இறங்கினால் லாபம்தான், அதற்குத் திட்டம் தேவையில்லை.

இங்கே ஒரு மாமா கட்டாயம் கமெண்டில் வருவார்: "டாலர் ஏறினா நல்லதுதானே, பையன் டாலர்லதானே சம்பாதிப்பான்?" மாமா, துண்டு விழுவது படிக்கும்போது, சம்பளம் வருவது படித்தபிறகு. நடுவில் நகைதான் அடகுக்குப் போகும். வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால்? 45 லட்சத்துக்கு 11 சதவீதம், பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 62,000, படிக்கும் காலத்து வட்டி தனி. அதை ரூபாய்ச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்பதையும் ஒரு வரியாக எழுதிப் பாருங்கள்.

அவனிடம் நான் சொன்னது இதுதான். கடன் தொகையை 85-க்குக் கேட்காதே, 95-க்குக் கேள். பொதுவாக எடுத்த பணத்துக்குத்தான் வட்டி, எடுக்காததற்கு இல்லை. பாதிப் படிப்பில் போய்க் கூடுதல் கேட்டால் மறுபடி வருமானச் சான்று, ஜாமீன் என்று முதலிலிருந்து. 95-க்கு மேல் போனால் எந்த நகை, எந்த வைப்புத்தொகை என்று இன்றே எழுதி வை. அம்மாவின் வளையலைத் தொடுவதாக இருந்தால் அம்மாவிடம் இன்றே கேட்டுக்கொள்.

முகம் சுளித்துக்கொண்டுதான் போனான். நேற்று இரவு கணக்கைத் திருத்தி அனுப்பியிருக்கிறான். வளையல் வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறான்.