பிரீமியம் உயர்வின் ஆதாரம்

66 வயதான ஓய்வூதியர் ஒருவரின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை 32,000 ரூபாயிலிருந்து 46,000 ரூபாயாக ஏற்றிவிட்டு, 'மருத்துவச் செலவு கூடிவிட்டது' என்ற ஒற்றை வாக்கியத்தையே சமாதானமாகச் சொல்லும் கம்பெனியிடம், அது வயதுப் பிரிவு மாறியதால் வந்ததா, திட்டம் முழுமைக்குமான கட்டணத் திருத்தமா என்று எழுத்து மூலம் பிரித்துக் கேட்பதே உசிதம். மூத்த குடிமக்களுக்கு ஆண்டொன்றுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துமுன் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டுமென்று 2025 ஜனவரியில் உத்தரவு பிறந்திருக்க, இங்கே ஏற்றமோ ஏறத்தாழ 44 சதவீதமாதலின், அந்த ஆலோசனை நடந்ததா என்பதே பிரதான வினா. கம்பெனிக்குக் கசக்கும் வினாவும் அதுவே. கெடு தவறினால் பாலிசி காலாவதியாகிவிடும் அபாயம் உண்டாதலால், ஆட்சேபத்தைப் பதிவு செய்து பணத்தைக் கட்டிவிட்டு, ஒரு மாதத்துக்குள் தக்க பதில் வராவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.